கூடையைக் குதிராக்காதீர்கள்

“எக்ஸ்ஃபேட் போட்டுக் குடுங்கண்ணே, எல்லாத்துலயும் ஓடும்.”

செம்பட்டியில் நான் கணினி பழுது பார்க்கும் மேசைக்கு வரும் புது ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வாக்கியத்தோடுதான் வருகின்றன. கொண்டுவருபவர் கல்யாண ஸ்டுடியோக்காரராக இருப்பார், திண்டுக்கல் பக்கம் கல்லூரியில் படிக்கும் மாணவராக இருப்பார், மகனுக்கு மேக் லேப்டாப் வாங்கிக் கொடுத்த ஆசிரியராக இருப்பார். வாக்கியம் மட்டும் மாறுவதில்லை. எங்கிருந்து கேட்டீர்கள் என்றால், “எல்லாரும் அதான் சொல்றாங்க” என்பார்கள். உண்மைதான், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த எல்லாரும் சொல்வது தவறு என்று காட்டவே இதை எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய ஃபேட்32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அரை மணி நேரக் கல்யாண வீடியோவே அதைத் தாண்டிவிடும். விண்டோஸின் சொந்த முறையான என்டிஎஃப்எஸ்-ஸை மேக் படிக்கும், அதில் எழுதாது. மேக்கின் சொந்த முறையை விண்டோஸ் படிக்கவே படிக்காது. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையை மற்ற இரண்டும் தாமாகக் கண்டுகொள்வதில்லை. இந்த இக்கட்டுக்கு நடுவில் மைக்ரோசாஃப்ட் 2006-ல் கொண்டுவந்த எக்ஸ்ஃபேட் நிற்கிறது. 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டுகளுக்கு அதையே முறையாக 2009-ல் அறிவித்தார்கள். மேக் 2010-ல் அதை ஏற்றது. மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை 2019 ஆகஸ்டில் வெளியிட்டது, அந்த நவம்பரில் வந்த லினக்ஸ் 5.4 கெர்னலிலேயே எக்ஸ்ஃபேட் இடம் பிடித்தது. ஆக இன்று மூன்று இயங்குதளங்களும் காசு செலவில்லாமல் படிக்கின்றன, எழுதுகின்றன. 4 ஜிபி தடையும் இல்லை. இவ்வளவும் உண்மை. இதிலிருந்து “ஆகவே எல்லா டிஸ்க்குக்கும் எக்ஸ்ஃபேட்” என்று தாவுகிறார்களே, அந்தத் தாவலைத்தான் நான் மறுக்கிறேன்.

முதல் மறுப்பு: திறப்பது வேறு, தாங்குவது வேறு.

“எல்லாத்துலயும் ஓடும்” என்பதற்கு என்ன பொருள்? எந்தக் கணினியில் செருகினாலும் ஃபோல்டர் திறக்கும் என்பதுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்த வாக்கியத்துக்குள் இல்லவே இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான படங்களைச் சுமக்கும் டிஸ்க்குக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஒரு ஃபைலை டிஸ்க்கில் எழுதுவது ஒரே செயல் அல்ல. எந்தெந்த இடங்கள் காலி என்ற பட்டியலைத் திருத்த வேண்டும், ஃபைலின் பெயரையும் அளவையும் ஃபோல்டரில் பதிய வேண்டும், உள்ளடக்கத்தை எழுத வேண்டும். இந்த வேலைகளுக்கு நடுவில் மின்சாரம் போனால் ஒன்று முடிந்திருக்கும், மற்றொன்று முடிந்திருக்காது. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4, மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஆகியவை இதற்காக ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கின்றன. “இன்ன மாற்றத்தைச் செய்யப்போகிறேன்” என்று முதலில் குறித்துவிட்டுத்தான் பட்டியல்களில் கை வைக்கும். மறுபடி செருகும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து, பாதியில் நின்ற மாற்றத்தை முடித்துவிடும் அல்லது ரத்து செய்துவிடும். இதை ஜர்னல் என்பார்கள்.

எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் கிடையாது. அதில் இருப்பது ஒரே ஒரு அடையாளக் கொடி: “இந்த டிஸ்க்கை ஒழுங்காகக் கழற்றவில்லை”. எங்கே பாதியில் நின்றது என்று அந்தக் கொடிக்குத் தெரியாது. பழைய ஃபேட்32-ஆவது தன் ஒதுக்கீட்டு அட்டவணைக்கு இரண்டாவது பிரதி ஒன்று வைத்திருந்தது. வழக்கமான எக்ஸ்ஃபேட்டில் அட்டவணையும் ஒன்றே. இன்னொன்றும் உண்டு. ஒரு ஃபைல் தொடர்ச்சியான இடத்தில் உட்கார்ந்திருந்தால் அதற்கான சங்கிலியை எக்ஸ்ஃபேட் அட்டவணையில் எழுதுவதே இல்லை. எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதை ஃபோல்டர் பதிவில் மட்டும் வைத்திருக்கும். அந்தப் பதிவு அழிந்தால் ஃபைல் எங்கே இருந்தது என்று சொல்ல வேறு சாட்சி இல்லை.

இது வடிவமைத்தவர்களின் கவனக்குறைவு அல்ல. கேமரா கார்டு போன்ற ஃபிளாஷ் நினைவகங்களை மனத்தில் வைத்து எழுதிய முறை அது. கார்டில் ஒரே கேமராதான் எழுதும், சாயங்காலம் படங்களை இறக்கிவிட்டுக் கார்டைத் துடைத்துவிடுவார்கள். அங்கே எழுத்துவேலை குறைவாக இருப்பதே நல்லது. நிலக்கோட்டைச் சந்தைக்குப் பூ கொண்டுபோகக் கூடை போதும். அந்தக் கூடையிலேயே ஒரு வருஷத்து நெல்லைக் கொட்டி வைக்கிறோம், எலி வந்தால் கூடையைத் திட்டுகிறோம்.

எனக்கு நேரில் தெரிந்த ஒரு சம்பவத்தை வரிசையாகச் சொல்கிறேன். ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த நேரம். இங்கே ஒரு ஸ்டுடியோ, ஒன்பது கல்யாணங்களின் படங்களையும் வீடியோவையும் ஒரே 2 டிபி டிஸ்க்கில் வைத்திருந்தது. அடுத்த முகூர்த்தத்துக்குக் கார்டு வேண்டும் என்பதால் கார்டுகளைத் துடைத்துவிட்டார்கள். ஆக, டிஸ்க்கில் இருந்ததுதான் ஒரே பிரதி. ஸ்டுடியோவில் விண்டோஸ் லேப்டாப். எடிட்டிங் திண்டுக்கல்லில் ஒருவரிடம், அவரிடம் மேஜை மேக். இருவரும் பயன்படுத்த வேண்டுமே என்று டிஸ்க்கில் எக்ஸ்ஃபேட் போட்டிருந்தார்கள்.

எடிட்டர் டிஸ்க்கைச் செருகி, எடிட்டிங் புராஜெக்டையும் அதிலேயே வைத்து, முடித்த வீடியோவையும் அதிலேயே ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி பழசு, தாங்கவில்லை. கரண்ட் வந்து மேக்கைத் திறந்தால் டிஸ்க்கின் விளக்கு மினுக்குகிறது, திரையில் டிஸ்க் வரவில்லை. பத்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கழற்றி மறுபடி செருகினார். அப்போதும் வரவில்லை, மறுபடி கழற்றினார்.

அங்கே நடந்தது என்ன தெரியுமா? டிஸ்க் செத்துப் போகவில்லை. கொடியைப் பார்த்த மேக், பின்னணியில் டிஸ்க் முழுவதையும் சோதிக்கத் தொடங்கியிருந்தது. ஜர்னல் இருந்தால் குறிப்பைப் படித்துச் சில நொடியில் முடியும் வேலை. இல்லாததால் ஒவ்வொரு ஃபோல்டராகப் போக வேண்டும். பெரிய டிஸ்க்கானால் வெகுநேரம் ஆகும். அதுவரை மேக் ஒரு வார்த்தை சொல்லாது. டெர்மினலைத் திறந்து இதைத் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும்:

```
ps aux | grep '[f]sck_exfat'
```

சோதனை ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பெயர் பட்டியலில் நிற்கும். நின்றால் கைவைக்காமல் காத்திருக்க வேண்டும். எடிட்டருக்கு அது தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்று அவரைக் குறை சொல்லவும் முடியாது. பழுது பார்க்கும் வேலையின் நடுவிலேயே இரண்டு முறை வயரைப் பிடுங்கியாயிற்று.

டிஸ்க் பஸ்ஸில் செம்பட்டிக்குத் திரும்பியது. ஸ்டுடியோக்காரர் விண்டோஸில் செருகினார். ஸ்கேன் செய்து சரி செய்யவா என்று கேட்டது, சரி என்று அழுத்தினார். முடிந்தபோது இரண்டு கல்யாணங்களின் ஃபோல்டர்களைக் காணவில்லை. அவற்றுக்குப் பதிலாக `FOUND.000` என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் `.CHK` என்று முடியும் பெயர் தெரியாத துண்டுகள். அதற்குப் பிறகுதான் டிஸ்க் என்னிடம் வந்தது.

நான் முதலில் செய்தது டிஸ்க்கை முழுசாக வேறொரு டிஸ்க்குக்கு அப்படியே படியெடுத்ததுதான். பழுதான டிஸ்க்கின் மேல் எந்தச் சரிசெய்யும் நிரலையும் ஓட்டும் முன் செய்ய வேண்டியது அது. ஸ்கேன் பொத்தானை அழுத்தும் முன்பே செய்திருந்தால் இன்னும் மிச்சப்பட்டிருக்கும்.

```
sudo ddrescue -d /dev/sdX disk.img disk.map
```

பிறகு அந்தப் பிரதியில் ஃபோட்டோரெக் நிரலை ஓட்டினேன். அது ஃபோல்டர் பதிவுகளை நம்பாமல், டிஸ்க்கின் மேல் நேரடியாகத் தடவிப் படங்களின் தொடக்க அடையாளத்தைத் தேடும். படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. எல்லாம் எஃப் என்ற எழுத்தும் ஒரு நீள எண்ணுமாக வந்தன. எந்தப் பெண், எந்த மண்டபம் என்று முகம் பார்த்துப் பிரிக்க நான்கு நாள் ஆயிற்று. வீடியோக்களில், தொடர்ச்சியாக ஓரிடத்தில் எழுதப்பட்டவை தேறின. எடிட்டிங்கின்போது எழுதி அழித்த இடங்களுக்குள் துண்டு துண்டாகப் போய் உட்கார்ந்தவை தேறவில்லை.

ஜர்னல் இருந்தால் எதுவும் போயிருக்காது என்று நான் சொல்லவில்லை. ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்த வீடியோ எந்த முறையிலும் பாதியில் நின்றிருக்கும். ஜர்னல் காப்பது டிஸ்க்கின் கட்டமைப்பை. எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலின் உள்ளடக்கத்தை அல்ல. ஆனால் அன்றைக்கு யாருமே தொடாத, ஆவணி முதல் வாரத்துக் கல்யாணத்தின் ஃபோல்டர் ஏன் போக வேண்டும்? அந்தச் சேதத்தைத் தடுக்கத்தான் ஜர்னல் இருக்கிறது.

இரண்டாம் மறுப்பு: எல்லாரும் எழுதுகிறார்கள் என்று யார் சொன்னது?

எக்ஸ்ஃபேட் வேண்டும் என்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இது: இந்த டிஸ்க்கில் எழுதும் கணினி எது? பதிலுக்கு மூன்று கணினிகளின் பெயரைச் சொல்வார்கள். இன்னும் துருவினால், எழுதுவது ஒன்று, மற்ற இரண்டும் படிப்பவை என்று தெரியவரும். பகிர்வது என்ற ஒரே சொல் படிப்பதையும் எழுதுவதையும் ஒன்றாக மூடிவிடுகிறது. மொத்தக் குழப்பமும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

அந்த ஸ்டுடியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்டிலிருந்து படங்களை டிஸ்க்குக்கு ஏற்றுவது விண்டோஸ் லேப்டாப். எடிட்டரின் மேக்குக்கு அந்தப் படங்கள் படிக்கக் கிடைத்தால் போதும். டிஸ்க்கில் என்டிஎஃப்எஸ் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேக் அதைத் திறந்திருக்கும், படித்திருக்கும், எழுத மறுத்திருக்கும். எடிட்டர் வேறு வழியின்றிப் படங்களைத் தன் மேக்குக்குள் இழுத்துப்போட்டு, புராஜெக்டையும் அங்கேயே வைத்திருப்பார். கரண்ட் போன அந்த நொடியில் ஸ்டுடியோவின் டிஸ்க்கில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது எதுவுமே இருந்திருக்காது. மேக்கில் என்டிஎஃப்எஸ் எழுதாது என்பதை ஊரே ஒரு குறையாகச் சொல்கிறது. ஒரே பிரதி உள்ள டிஸ்க்குக்கு அது பூட்டு. காசு கொடுத்து வாங்கினாலும் கிடைக்காத பூட்டை, இடைஞ்சல் என்று சொல்லி நாமே கழற்றி எறிகிறோம்.

முடித்த வீடியோ ஸ்டுடியோவுக்குத் திரும்பி வர வேண்டாமா என்று கேட்பீர்கள். வர வேண்டும். அதற்கு ஒரு சின்னப் பென் டிரைவ் போதும், அதில் எக்ஸ்ஃபேட் இருக்கட்டும். அது தொலைந்தால் எடிட்டர் மறுபடி ஏற்றுமதி செய்து தருவார். தொலைந்தால் திரும்பச் செய்ய முடிந்ததற்குக் கூடை. திரும்பச் செய்ய முடியாததற்குக் குதிர்.

மேக்கே இல்லாத வீடுகளில் எக்ஸ்ஃபேட்டுக்கு இந்த அளவு நியாயம்கூட இல்லை. நம் பக்கத்துப் பல வீடுகளுக்குள் இரண்டாவது இயங்குதளம் நுழைந்ததே அரசு கொடுத்த லேப்டாப்பில்தான். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் எல்காட் வாங்கிக் கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. தொடங்கும்போது இதுவா அதுவா என்று கேட்கும். அந்தக் காலத்து லினக்ஸ் கெர்னலில் எக்ஸ்ஃபேட் கிடையாது, தனியாக ஒரு தொகுப்பை நிறுவினால்தான் உண்டு. என்டிஎஃப்எஸ்-ஸில் எழுத என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற நிரல் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. 2021-ல் வந்த லினக்ஸ் 5.15-லிருந்து கெர்னலுக்குள்ளேயே என்டிஎஃப்எஸ் எழுதும் வசதியும் இருக்கிறது. ஆக, விண்டோஸும் லினக்ஸும் மட்டும் உள்ள வீட்டில், இரண்டும் எழுதக்கூடிய, ஜர்னல் உள்ள ஒரு முறை கையிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஜர்னல் இல்லாத முறைக்குப் போவதற்கு என்ன காரணம்? மேக் உள்ளவர்களுக்காகச் சொன்ன மருந்தை மேக் இல்லாதவர்கள் குடிக்கிறார்கள்.

மூன்றாம் மறுப்பு: சின்ன ஃபைல்களின் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

இது முதல் இரண்டின் அளவுக்குக் கனமான ஆட்சேபம் அல்ல, ஆனால் மாணவர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. டிஸ்க்கில் இடம் கொடுப்பது பைட் கணக்கில் அல்ல, கட்டம் கட்டமாக. ஒரு ஃபைல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் முழுக் கட்டம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். விண்டோஸ், 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யும்போது, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒரு கட்டத்துக்கு 128 கேபி வைக்கும். என்டிஎஃப்எஸ்-ஸில் வழக்கமான கட்டம் 4 கேபி.

நிரல் எழுதப் படிக்கும் ஒரு மாணவரின் புராஜெக்ட் ஃபோல்டரில் 40,000 சின்ன ஃபைல்கள் இருப்பது இன்று சாதாரணம். ஒவ்வொன்றும் 4 கேபிக்குள் என்று வையுங்கள். என்டிஎஃப்எஸ்-ஸில் அது சுமார் 160 எம்பி. அதே ஃபோல்டரை எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் போட்டால் 40,000 பெருக்கல் 128 கேபி, அதாவது ஏறக்குறைய 5 ஜிபி. ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கிப் பண்புகளைப் பாருங்கள். `Size`, `Size on disk` என்று இரண்டு எண்கள் வரும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்தால் இதுதான் காரணம். மேக்கில் திறந்த டிஸ்க்காக இருந்தால், மேக் தன் கூடுதல் குறிப்புகளை வைக்கப் பல ஃபைல்களுக்குப் பக்கத்தில் `._` என்று தொடங்கும் மறைவான ஃபைல் ஒன்றையும் போட்டிருக்கும். அதுவும் ஒவ்வொன்றுக்கு 128 கேபி.

இடம் மட்டும் பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். லினக்ஸ் புராஜெக்டுகளில் ஒரு ஃபைல் இன்னொன்றைச் சுட்டும் இணைப்புகள் இருக்கும், ஓட்டலாம் என்ற அனுமதிக் குறிகள் இருக்கும். எக்ஸ்ஃபேட்டுக்கு இரண்டும் தெரியாது. படியெடுக்கும்போது இணைப்புகளில் பிழை வரும், அனுமதிக் குறிகள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். டிஸ்க்கிலிருந்து திரும்ப எடுத்த புராஜெக்ட் ஓடவில்லை என்று வரும் மாணவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். எக்ஸ்ஃபேட்தான் வேண்டும் என்றால் புராஜெக்டை ஒரே டார் ஃபைலாகக் கட்டிப் போடுங்கள். கட்டமும் மிச்சம், குறிகளும் மிச்சம்.

நான்காம் மறுப்பு: பழுது பார்க்கும் கருவி எந்த வீட்டில் இருக்கிறது?

ஒவ்வொரு முறைக்கும் அதன் சொந்த வீட்டில்தான் முழு வைத்தியம் உண்டு. என்டிஎஃப்எஸ்-ஸை முழுமையாகச் சோதித்துச் சரிசெய்வது விண்டோஸின் இந்தக் கட்டளைதான்:

```
chkdsk E: /f
```

லினக்ஸில் உள்ள `ntfsfix` மேலோட்டமான சில பிழைகளை மட்டும் நீக்கும். எனவே விண்டோஸே இல்லாத வீட்டில் என்டிஎஃப்எஸ் போடச் சொல்ல மாட்டேன். லினக்ஸ் மட்டும் உள்ளவர் எக்ஸ்ட்4 போடட்டும். எக்ஸ்ஃபேட்டுக்கு மூன்று தளத்திலும் சோதிக்கும் நிரல் இருக்கிறது, அதைப் பலம் என்று காட்டுவார்கள். ஆனால் ஒரே டிஸ்க்கை ஒரு முறை மேக் திருத்தி, பிறகு விண்டோஸ் திருத்தி, அவரவர் கணிப்புப்படி துண்டுகளை ஒதுக்கிய கதையைத்தான் மேலே பார்த்தோம். வைத்தியர் மூன்று பேர் இருப்பது பலமாவது, அவர்கள் ஒரே நோயாளிக்கு மாறி மாறிக் கத்தி வைக்காதபோதுதான்.

இனி எனக்கு எதிராகச் சொல்லப்படும் இரண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

“பேக்கப் இருந்தால் எந்த முறையானால் என்ன?” என்கிறார்கள். பேக்கப் இருந்தால் என் வாதத்தில் பாதி தேவையில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே ஆலோசனையின்படி பேக்கப் டிஸ்க்குக்கும் எக்ஸ்ஃபேட்டே போட்டு வைத்திருக்கிறார்களே! பேக்கப் டிஸ்க் ஒரே கணினியோடு மட்டும் பேசுவது. அதைப் பகிரவே போவதில்லை. அங்கே பொது மொழிக்கு என்ன வேலை? அந்தக் கணினியின் சொந்த முறையைத்தான் போட வேண்டும். மேக்கின் டைம் மெஷின், செருகிய எக்ஸ்ஃபேட் டிஸ்க்கை அப்படியே ஏற்பதும் இல்லை. தன் முறைக்கு அழித்து மாற்றச் சொல்லிக் கேட்கும்.

“லினக்ஸில் என்டிஎஃப்எஸ் தகராறு பண்ணும்” என்பது அடுத்தது. தகராறு உண்டு, காரணம் தெரிந்த தகராறு. விண்டோஸ் 8-லிருந்து, கணினியை அணைத்தாலும் அது முழுசாக அணைவதில்லை. வேகமாகத் தொடங்க வேண்டும் என்று பாதித் தூக்கத்தில் போகிறது. அப்போது செருகியிருந்த டிஸ்க்கும் பாதித் திறந்த நிலையில் நிற்கும். லினக்ஸ் அதைக் கண்டு எழுத மறுக்கும் அல்லது படிக்க மட்டும் அனுமதிக்கும். அது பழுதல்ல, எச்சரிக்கை. கட்டாயப்படுத்தி ஏற்றும் குறுக்குவழிகளைத் தேடாதீர்கள். விண்டோஸில் நிர்வாகியாகக் கட்டளைத் திரையைத் திறந்து ஒரே ஒரு முறை இதைக் கொடுத்தால் அந்தப் பாதித் தூக்கம் நின்றுவிடும்:

```
powercfg /h off
```

லினக்ஸில் எழுதுபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். படியெடுக்கும் பட்டை முழுசாக ஓடி முடிந்தாலும், விஷயம் இன்னும் நினைவகத்திலேயே காத்திருக்கலாம். அப்போது வயரைப் பிடுங்கினால் எந்த முறையும் காப்பாற்றாது. `sync` என்று தட்டி, கட்டளை திரும்பி வரும்வரை காத்திருந்து, பிறகு முறைப்படி வெளியேற்றிக் கழற்றுங்கள்.

எந்த முறையும் தீர்க்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு வரும் தொல்லை. ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம், ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பையும் காலையும் பிரித்தும் பதியலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்தே வைக்கும். அங்கே கட்டிய ஜிப் ஃபைலிலிருந்து ‘கொடைரோடு’ என்ற ஃபோல்டர் லினக்ஸுக்கு வந்தால், நீங்கள் அங்கே தட்டிய ‘கொடைரோடு’ம் இதுவும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பேக்கப் நிரல் இரண்டையும் தனித்தனியாகச் சேமிக்கும். எக்ஸ்ஃபேட்டும் இதைச் சரிசெய்யாது, என்டிஎஃப்எஸ்-ஸும் செய்யாது. பகிரும் டிஸ்க்கில் ஃபோல்டர் பெயரைத் தேதியும் எண்ணுமாக வைத்துவிட்டு, ஊர்ப் பெயரை உள்ளே ஒரு குறிப்பு ஃபைலில் எழுதுங்கள்.

அப்படியானால் எக்ஸ்ஃபேட் எங்கே சரி? 32 ஜிபிக்கு மேற்பட்ட கேமரா கார்டில் சரி, அங்கே வேறு எதையும் போடவும் கூடாது. கைமாறும் பென் டிரைவில் சரி. மேக்கும் விண்டோஸும் உண்மையாகவே இரண்டும் எழுதியாக வேண்டிய டிஸ்க்கிலும் சரி, அதிலுள்ள ஒவ்வொன்றுக்கும் வேறு இடத்தில் இன்னொரு பிரதி இருந்தால். கல்யாண வீட்டாருக்கு டிவியில் போட்டுப் பார்க்கக் கொடுக்கும் பென் டிரைவில் அதுகூட வேண்டாம். எக்ஸ்ஃபேட் படிக்காத டிவிகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. வீடியோவை 4 ஜிபிக்குக் குறைவான பகுதிகளாக வெட்டி ஃபேட்32-ல் கொடுங்கள்.

ஏற்கெனவே எக்ஸ்ஃபேட்டில் ஒரே பிரதியை வைத்திருப்பவர்கள் இதைப் படித்த வேகத்தில் ஃபார்மேட் பொத்தானை அழுத்திவிட வேண்டாம், அழுத்தினால் எல்லாம் போய்விடும். முதலில் வேறொரு டிஸ்க்குக்குப் படியெடுங்கள். எடுத்ததில் நாலைந்து பெரிய ஃபைல்களைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். எழுதும் கணினி எது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி டிஸ்க்கின் மேல் ஒட்டுங்கள். அந்தக் கணினியின் முறையில் ஃபார்மேட் செய்து, பிறகு திருப்பி ஏற்றுங்கள்.

அந்த ஸ்டுடியோவின் டிஸ்க் இப்போது என்டிஎஃப்எஸ். மேலே ‘எழுதுவது ஸ்டுடியோ லேப்டாப் மட்டும்’ என்ற தாள் ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் அதன் இரட்டையாக இன்னொரு டிஸ்க் இருக்கிறது. ஒன்பது கல்யாணங்களில் எட்டின் ஆல்பமும் வீடியோவும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. ஒன்பதாவது கல்யாணத்தில், தாலி கட்டியபோது முதல் கேமரா எடுத்த வீடியோ கிடைக்கவே இல்லை.